பத்து ஆண்டு கழித்துத் தொடங்கும் ஓய்வூதியத்துக்கு இன்று என்ன மதிப்பு?

உங்கள் கைக்கு ஒரு கடிதம் வருகிறது. அதில் இரண்டு வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒன்று, இன்றே 6,60,000 வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் காத்திருந்து, ஆண்டுக்கு 1,20,000 வீதம் ஓய்வூதியம் பெறலாம். முதல் தொகை இன்றிலிருந்து சரியாகப் பத்தாம் ஆண்டு நிறைவில் வரும். மொத்தம் 20 தொகைகள்.

இருபதையும் கூட்டினால் 24,00,000. அதை 6,60,000-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் காத்திருப்பதுதான் சரி என்று தோன்றும். ஆனால் அந்த 24 லட்சத்தில் ஒரு பகுதிகூட இன்று கையில் இல்லை. கடைசித் தொகை வர 29 ஆண்டுகள் ஆகும். எனவே ஒவ்வொரு தொகையையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்த பிறகே இரண்டு வழிகளையும் ஒப்பிட முடியும். முதல் தொகை சில ஆண்டுகள் தள்ளி வரும் இத்தகைய வரிசையை ஒத்திவைக்கப்பட்ட ஆன்யுட்டி என்பார்கள். இதன் கணக்கு கடினமானதல்ல. ஆனால் ஒரே ஓர் இடத்தில், ஒரே ஓர் ஆண்டை மாற்றி எண்ணி, பலர் தவறான விடைக்குப் போய்விடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் அந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறோம்.

கணக்குக்கு இன்னும் ஒரு விவரம் வேண்டும்: வட்டி விகிதம். இதே அளவு பாதுகாப்புள்ள வேறோர் இடத்தில் பணத்தைப் போட்டால் ஆண்டுக்கு 7% கூட்டு வட்டி கிடைக்கும் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். அந்த விகிதத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் ஒரு கோடு போடுங்கள்

சூத்திரத்தைத் தேடுவதற்கு முன் ஒரு தாளில் காலக்கோடு வரையுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் ஓராண்டைத் தவறவிடுகிறார்கள். கோட்டின் இடது முனையில் இன்று, அதாவது 0. பிறகு 1, 2, 3 என்று ஆண்டு முடிவுகளைக் குறியுங்கள். 1 முதல் 9 வரை எதுவும் வராது. 10-இல் முதல் 1,20,000. பிறகு ஆண்டுக்கு ஒன்று.

கடைசித் தொகை எங்கே வரும்? 10-உடன் 20-ஐக் கூட்டி 30 என்று எழுதத்தான் கை போகும். ஆனால் 10-ஆம் புள்ளியிலேயே ஒரு தொகை வந்துவிட்டது. மீதி 19 தான். ஆகவே கடைசித் தொகை 29-ஆம் புள்ளியில் வருகிறது. சரிபார்க்க, 29-இலிருந்து 10-ஐக் கழித்து 1 கூட்டுங்கள், 20 வரும்.

இருபது தொகைகளையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவருதல்

சமமான தொகைகள் சம இடைவெளியில் வந்தால், அவற்றின் மதிப்பை ஒரே சூத்திரத்தால் கண்டுபிடிக்கலாம்:

```
V = P × (1 − (1 + i)^(−n)) / i
```

இதில் P ஒவ்வொரு தொகை, i வட்டி விகிதம், n தொகைகளின் எண்ணிக்கை. நம் கணக்கில் P = 1,20,000, i = 0.07, n = 20. இருபது ஆண்டு முழுவதும் 7% கூட்டு வட்டியில் ஓர் அலகு சுமார் 3.8697 மடங்காகும், அதன் தலைகீழ் 0.25842. ஒன்றிலிருந்து அதைக் கழித்து 0.07-ஆல் வகுத்தால் 10.5940 வருகிறது. 1,20,000-ஆல் பெருக்கினால் 12,71,282.

இந்த 12,71,282 காலக்கோட்டில் எந்தப் புள்ளியின் மதிப்பு? விடை சரியாவதும் தவறாவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பத்தாம் ஆண்டில்தானே ஓய்வூதியம் தொடங்குகிறது, எனவே இது 10-ஆம் புள்ளியின் மதிப்பு என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்தச் சூத்திரம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முதல் தொகையை (1 + i)-ஆல் ஒருமுறை வகுக்கிறது, இரண்டாவதை இருமுறை, இருபதாவதை இருபதுமுறை. முதல் தொகையையே ஓராண்டு பின்னுக்கு இழுத்துவிடுகிறது என்றால், அது நிற்கும் புள்ளி முதல் தொகைக்கு ஓராண்டு முந்தையது. முதல் தொகை 10-இல் இருப்பதால் இந்த மதிப்பு 9-ஆம் புள்ளிக்கு உரியது.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரே ஒரு தொகையை வைத்துச் செய்து பாருங்கள். n = 1 என்று போட்டால் சூத்திரம் P / (1 + i) என்று சுருங்கிவிடும். அந்த ஒரே தொகை வரும் நாளுக்கு ஓராண்டு முன்னால் அதற்குள்ள மதிப்பு அது. n எத்தனையாக இருந்தாலும் இந்த இடம் மாறாது.

அங்கிருந்து இன்றைக்கு

9-ஆம் புள்ளியில் 12,71,282 இருக்கிறது. அதை இன்றைக்குக் கொண்டுவர ஒன்பது ஆண்டு வட்டியைக் கழிக்க வேண்டும்:

```
1271282 / 1.07^9 = 1271282 / 1.83846 ≈ 691493
```

ஓய்வூதியத்தின் இன்றைய மதிப்பு 6,91,493. கடிதத்தில் இருந்த 6,60,000-ஐவிட இது அதிகம்.

9-க்குப் பதில் 10 என்று போட்டவர் என்ன பெறுவார்? 6,46,255. அவர் கணக்கில் ஓய்வூதியம் 6,60,000-ஐவிடக் குறைவு. உடனே கையெழுத்துப் போட்டு இன்றே பணத்தை வாங்கிக்கொள்வார். அடுக்கில் ஒரே ஓர் எண் மாறியதால் முடிவே தலைகீழாகிவிட்டது. இந்தத் தவற்றுக்கு ஓர் அடையாளமும் உண்டு. சரியான விடையைத் தவறான விடையால் வகுத்தால் எப்போதும் சரியாக 1 + i வரும், இங்கே 1.07. இருவர் போட்ட கணக்கு ஒத்துப்போகவில்லை, இரண்டின் விகிதம் வட்டியோடு பொருந்துகிறது என்றால், யாரோ ஒருவர் ஓராண்டை மாற்றி எண்ணியிருக்கிறார் என்று தயங்காமல் சொல்லலாம்.

இன்னொரு பாதையிலும் இதே இடத்துக்கு வரலாம். இன்றிலிருந்து 29 ஆண்டுகளும் ஆண்டு முடிவில் 1,20,000 வருவதாகக் கற்பனை செய்யுங்கள். 7% வட்டியில் ஓர் அலகுக்கு அதன் மதிப்பு 12.27767. வராத முதல் ஒன்பது தொகைகளின் மதிப்பு 6.51523. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 5.76244, 1,20,000-ஆல் பெருக்கினால் அதே 6,91,493. புதிதாகக் கற்பவர்கள் இந்தக் கழித்தல் முறையிலும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதில் கணிக்க எதுவுமில்லை, வராத தொகைகள் எத்தனை என்று எண்ணினால் போதும். ஒன்பதுதான் என்பது கோட்டிலேயே தெரிகிறது.

விரிதாளில் செய்யும்போது

எக்செல் போன்ற விரிதாளில் PV என்ற சார்பு இருக்கிறது. அதன் கடைசி எண் 0 என்றால், மேலே பார்த்ததுபோல் முதல் தொகைக்கு ஒரு காலம் முந்தைய மதிப்பைத் தரும். 1 என்றால் முதல் தொகை வரும் நாளின் மதிப்பையே தரும். எனவே கீழே உள்ள இரண்டு வரிகளும் ஒரே விடையைத் தருகின்றன:

```
=PV(0.07,20,-120000,0,0)/1.07^9
=PV(0.07,20,-120000,0,1)/1.07^10
```

0-உடன் 9, 1-உடன் 10. இந்த ஜோடியைக் கலந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். தொகைக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பது விடை நேர்மறையாக வருவதற்காக.

தொகைகளை வரிசையாக எழுதி NPV சார்பைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு விஷயத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். முதல் ஒன்பது ஆண்டுக்கான கட்டங்களில் 0 என்று தட்டச்சு செய்ய வேண்டும். வெறுமனே காலியாக விட்டால் எக்செல் அந்தக் கட்டங்களை இல்லாததாகவே கருதி, பத்தாம் ஆண்டுத் தொகையை முதலாம் ஆண்டில் வருவதாக எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. விடை மட்டும் 12,71,282 என்று நிற்கும். ஒத்திவைப்புக் காலத்துக்கான கழிவு முழுவதும் காணாமல் போயிருக்கும். உங்கள் விடை எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய இருமடங்காக இருந்தால் முதலில் காலிக் கட்டங்களைப் பாருங்கள்.

ஆவணம் என்ன சொல்கிறது?

கணக்கு சரியாக இருந்தும் விடை தவறாகப் போகும் இன்னொரு வழி, ஆவணத்தைத் தவறாகப் படிப்பது. "பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ஓய்வூதியம் தொடங்கும்" என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. பத்தாம் ஆண்டு முடியும் நாளிலேயே முதல் தொகை வரலாம். அல்லது அன்று உரிமை மட்டும் தொடங்கி, அந்த ஓராண்டு கழிந்து 11-ஆம் புள்ளியில் முதல் தொகை வரலாம். இரண்டாவது வகையாக இருந்தால் 10 ஆண்டுக்குக் கழிப்பதுதான் சரி. மேலே தவறு என்று சொன்ன 6,46,255 அந்த ஒப்பந்தத்துக்குச் சரியான விடை. ஆகவே "எத்தனை ஆண்டு ஒத்திவைப்பு" என்று கேட்பதைவிட, "முதல் தொகை என் கணக்கில் விழும் தேதி எது" என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஓய்வூதியம் மாதாமாதம் வருவதாக இருந்தால் காலக்கோட்டை மாதங்களில் போட வேண்டும். ஆண்டுக்கு 1,20,000 என்பதை மாதம் 10,000 ஆக்கி, முதல் தொகை 120-ஆம் மாத முடிவில் வருகிறது என்று கொள்வோம். இப்போது 240 தொகைகள், கழிக்க வேண்டியது 119 மாதங்கள். மாத வட்டிக்கு 7-ஐ 12-ஆல் வகுக்காதீர்கள். ஆண்டுக்கு முழுமையாக 7% ஆக வேண்டுமென்றால் மாத விகிதம் 1.07-இன் பன்னிரண்டாம் மூலத்திலிருந்து 1-ஐக் கழித்தது, அதாவது சுமார் 0.5654%. விடை ஏறத்தாழ 6,70,500. ஆண்டுக் கணக்கைவிட இது ஏன் குறைந்தது? முன்பு ஓராண்டுக்கான முழுத் தொகையும் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே வந்தது. இப்போது அதே பணம் பன்னிரண்டு மாதங்களில் பரவி, சராசரியாக ஐந்தரை மாதம் தாமதமாக வருகிறது.

வட்டி விகிதம்

7% என்று முதலில் சும்மா வைத்துக்கொண்டோம். அதை மாற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 5% என்றால் இதே ஓய்வூதியத்தின் இன்றைய மதிப்பு 9,63,990. 9% என்றால் 5,04,364. சாதாரணக் கடன்களில் இவ்வளவு ஆட்டம் இருக்காது. இங்கே தொகைகள் எல்லாம் வெகு தொலைவில் இருக்கின்றன. மதிப்பை எடையாகக் கொண்டு சராசரி பார்த்தால், பணம் வரும் நாள் இன்றிலிருந்து 17 ஆண்டுகளுக்குச் சற்று அப்பால். அதனால் விகிதம் ஒரு சதவீதப் புள்ளி நகர்ந்தால் மதிப்பு ஏறக்குறைய 16% நகர்கிறது.

எந்த விகிதம் சரி? ஓய்வூதியம் தருகிறவரின் நம்பகத்தன்மையும், உங்கள் மாற்று முதலீட்டின் நம்பகத்தன்மையும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். அரசே உத்தரவாதம் தரும் ஓய்வூதியத்தைப் பங்குச் சந்தையில் எதிர்பார்க்கும் வருமானத்தால் கழித்தால் அதைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். அரசு உத்தரவாதம் தந்தால், ஏறக்குறைய அதே கால அளவுள்ள அரசுக் கடன் பத்திரத்தின் வருவாய் விகிதத்திலிருந்து தொடங்குவதே நியாயம். தருகிறவர் தவறக்கூடும் என்ற அச்சம் இருந்தால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம்.

விகிதத்தை முடிவு செய்ய முடியாதபோது கேள்வியைத் திருப்பிப் போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. எந்த வட்டியில் ஓய்வூதியத்தின் மதிப்பு சரியாக 6,60,000 ஆகிறது? விரிதாளில் முதல் கட்டத்தில் -660000, அடுத்த ஒன்பதில் 0, பிறகு இருபதில் 120000 என்று எழுதி IRR போட்டால் சுமார் 7.29% என்று வரும். 29 ஆண்டுகள் வரை அதைவிட அதிக வட்டியை அதே பாதுகாப்போடு உங்களால் ஈட்ட முடியுமா என்று மட்டும் யோசித்தால் போதும்.

விலைவாசிக்கு ஏற்ப ஓய்வூதியம் உயருமா என்பதும் முக்கியம். முதல் தொகை 1,20,000, அதன்பின் ஆண்டுக்கு 3% உயர்வு என்றால், 9-ஆம் புள்ளியின் மதிப்பு 15,99,800, இன்றைய மதிப்பு 8,70,185. உயர்வு ஓய்வூதியம் தொடங்கிய பிறகு மட்டும்தானா, காத்திருக்கும் ஆண்டுகளிலும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உயர்வே இல்லாத ஓய்வூதியம் என்றால், பணவீக்கத்தைக் கழித்த வட்டியைப் பயன்படுத்தக் கூடாது. தொகை பெயரளவில் நிலையானது என்றால் வட்டியும் பெயரளவிலானதாகவே இருக்க வேண்டும்.

இருபது தொகைகளும் நிச்சயமா?

இதுவரை 20 தொகைகளும் கட்டாயம் வரும் என்று கொண்டோம். நீங்கள் இல்லாவிட்டாலும் குடும்பத்துக்கு மீதியைத் தருவார்கள் என்று ஒப்பந்தம் சொன்னால் அது சரி. பல ஓய்வூதியங்கள் உயிரோடு இருக்கும்வரைதான். அப்போது ஒவ்வொரு தொகையையும், அந்த நாளில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பால் பெருக்கிய பிறகே இன்றைக்குக் கழிக்க வேண்டும். விளக்கத்துக்காக, பத்தாம் ஆண்டு வரை இருக்கும் வாய்ப்பு 0.95, 29-ஆம் ஆண்டு வரை இருக்கும் வாய்ப்பு 0.45 என்று வைப்போம். முதல் தொகையின் இன்றைய மதிப்பு 61,002-இலிருந்து 57,952 ஆகக் குறைகிறது. இருபதாவது தொகையோ 16,868-இலிருந்து 7,590 ஆகிவிடுகிறது. இந்த வாய்ப்புகளை ஆயுள் அட்டவணையிலிருந்து எடுப்பார்கள். வால்நட்சத்திரத்தால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹாலி 1693-இல் பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுகளிலிருந்து அப்படியோர் அட்டவணை தயாரித்து, அதைக் கொண்டு ஆயுள் ஆன்யுட்டிகளின் விலையையும் கணக்கிட்டார். அடிப்படை முறை இன்றும் அதுவே.

இங்கே பலர் ஒரு குறுக்குவழியில் இறங்குகிறார்கள். ஓய்வுபெற்ற பின் சராசரியாக 20 ஆண்டு வாழ்வார்கள், ஆகவே 20 நிச்சயத் தொகைகளாகக் கணக்கிட்டால் போதும் என்று. அது எப்போதும் கூடுதலான விடையையே தரும். இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 10 தொகைகளும் மற்றவர் 30 தொகைகளும் பெறுகிறார்கள். சராசரி 20 தான். 9-ஆம் புள்ளியில் முதலாமவருடைய மதிப்பு 8,42,830, இரண்டாமவருடையது 14,89,085. சராசரி 11,65,957. ஆனால் 20 நிச்சயத் தொகைகளின் மதிப்பு 12,71,282. நீண்ட நாள் வாழ்பவர் கூடுதலாகப் பெறும் பத்துத் தொகைகள் வெகு தொலைவில் இருப்பதால் அவற்றுக்கு மதிப்பு குறைவு. சீக்கிரம் இறப்பவர் இழக்கும் பத்துத் தொகைகள் அருகில் இருப்பதால் மதிப்பு அதிகம். இரண்டும் ஈடாவதில்லை.

அந்த 11,65,957-ஐ ஒன்பது ஆண்டு வட்டியைக் கழித்து இன்றைக்குக் கொண்டுவந்தால் 6,34,204. பத்தாம் ஆண்டை எட்டுவதற்கு முன்பே இறக்கும் வாய்ப்பையும் சேர்த்தால் இன்னும் குறையும். கடிதம் தருவதாகச் சொன்ன 6,60,000 இப்போது மேலே நிற்கிறது. அதனால் பதில் எழுதுவதற்கு முன் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடிப் பிடியுங்கள்: முதல் தொகையின் தேதி, அதற்கு முன்பே இறந்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்ற பிரிவு, தொடங்கிய பின் இறந்தால் குறைந்தபட்சம் எத்தனை ஆண்டுக்கு உத்தரவாதம் என்ற பிரிவு. 20 ஆண்டு உத்தரவாதம் இரண்டு நிலையிலும் உண்டென்றால் 6,91,493-ஐ வைத்து ஒப்பிடுங்கள். இல்லையென்றால் உங்கள் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற வாய்ப்புகளை ஒவ்வொரு வரியிலும் பெருக்கி, இருபதோடு நிறுத்தாமல் அட்டவணையின் கடைசி வயதுவரை தொகைகளை நீட்டி, மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டும்.